வாயும் வயிறுமாய் ஒரு அப்பா

நான் ஆறாவது படிக்கும்போது குடும்பத்தோட ராமேஸ்வரம் போயிருந்தோம். கோவில் பக்கத்துச் சங்குக் கடை ஒன்றில், கண்ணாடி மாதிரி எதையோ ஊற்றி உறைய வைத்து, அதுக்குள்ளே ஒரு காய்ந்த கடல் குதிரையை வைத்து சாவிக்கொத்தாக விற்றார்கள். அடம் பிடித்து வாங்கிக்கொண்டேன். அதன் வயிற்றுக்குக் கீழே, வால் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு புடைப்பு. பஸ்ஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அத்தை சொன்னாள்: "பாவம்டா, வாயும் வயிறுமா இருந்திருக்கும் போல. இதைப் போயா காயப்போட்டிருக்கானுங்க."

அத்தை சொன்னதில் பாதி சரி. அது வாயும் வயிறுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது அம்மா இல்லை, அப்பா. இது எனக்குத் தெரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதற்குள் ரெண்டு வீடு மாறியதில் சாவிக்கொத்து எங்கேயோ தொலைந்தும் போனது. (தொலைந்தது நல்லதாப் போச்சு. இன்றைக்கு அதைக் கையில் வைத்திருந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதுக்கு அப்புறம் வருகிறேன்.)

ஆண் பெண் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். பெண் கடல் குதிரைக்கு உடம்பு முடிகிற இடம் சட்டென்று மடிந்து வால் தொடங்கும். ஆணுக்கு அந்த மடிப்பு தெரியாது. உடம்பிலிருந்து வாலுக்கு வழுவழுவென்று ஒரு தோல் பை இறங்கியிருக்கும். காய்ந்த பிறகும் இது தெரியும். அந்தப் பைதான் இந்தப் பதிவின் விஷயமே.

"ஆண் கடல் குதிரை முட்டையைப் பையில் வைத்துக் காப்பாற்றும்" என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். படிக்கும்போது ஏதோ கங்காரு மாதிரி, அம்மா பெற்றதை அப்பா சுமக்கிறார் என்று தோன்றும். நிஜம் அப்படி இல்லை. நடப்பது கர்ப்பமேதான்.

முதலில் காதல் காட்சி. ஆண் தன் பையில் தண்ணீரை நிரப்பி பலூன் மாதிரி உப்ப வைத்துக் காட்டும். 'பார், காலியா இருக்கு, இடம் இருக்கு' என்று சொல்கிற மாதிரி. ரெண்டும் நிறம் மாறும், ஒரே புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் ரெண்டும் வயிற்றோடு வயிறு ஒட்டியபடி மேல்நோக்கி எழும்பும். அப்போது பெண் தன் முட்டைக் குழாயை ஆணின் பை வாயில் வைத்து மொத்த முட்டையையும் உள்ளே தள்ளிவிடும். சில நொடிதான். கரு சேர்வது அதற்குப் பிறகு ஆணிடம்தான் நடக்கிறது. பை வாய் மூடிக்கொள்ளும். ஆண் கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் ஆடி, முட்டைகளை உள்ளே சமமாகப் பரப்பிக்கொள்ளும். பெண்ணின் வேலை அத்தோடு முடிந்தது.

இதற்கப்புறம் பைக்குள் நடப்பதைத்தான் நான் படித்துவிட்டு ரெண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். பையின் உள்சுவர் தடிக்கிறது. அதில் புதிதாக நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிளைக்கின்றன. ஒவ்வொரு முட்டையும் அந்தச் சுவரில் தனித்தனிக் குழியில் பதிந்துகொள்கிறது. அந்தச் சுவர் வழியாகத்தான் கருவுக்கு ஆக்சிஜன் போகிறது, கழிவு வெளியே வருகிறது. மஞ்சள் கரு அம்மா கொடுத்தது, சரி. ஆனால் அதற்கு மேல் கொழுப்பு, கால்சியம் என்று அப்பாவும் சேர்த்துக் கொடுக்கிறார் என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. இன்னொன்று, பைக்குள் இருக்கும் திரவம் ஆரம்பத்தில் கடல்நீர் மாதிரி இருக்காது, உப்பு குறைவு. பிரசவ நாள் நெருங்க நெருங்க அப்பா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீர் அளவுக்குக் கொண்டுவருவார். வெளியே தள்ளப்போகிற குட்டிக்கு உப்புத் தண்ணீர் பழக வேண்டாமா!

வெப்பக் கடல் இனங்களுக்கு இது ரெண்டு முதல் நாலு வாரம் ஓடும். பிறகு பிரசவம், பெரும்பாலும் இரவில். ஆண் உடம்பை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி, பையைப் பிதுக்கிக் குட்டிகளைத் தள்ளும். மனிதத் தாயின் கருப்பை தன்னிச்சையாகச் சுருங்கும், அதற்கு ஒரு ஹார்மோன் காரணம். கடல் குதிரைக்கு அப்படி இல்லை என்று 2022ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்த வகை ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தால் பை சுருங்கவில்லை. பை வாயருகே இருப்பது கை காலில் இருக்கிற மாதிரியான, நினைத்தால் அசைக்கிற தசை. அதாவது அந்த அப்பா தானே முக்கித்தான் பெற்றுப்போடுகிறார் :-)

குட்டிகள் பெரும்பாலான இனங்களில் ஒரு தடவைக்கு நூறிலிருந்து முன்னூறு. குட்டியூண்டு இனங்களில் அஞ்சு பத்துதான். பெரிய இனங்களில் ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு முன்னே பின்னே, அப்பனை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பிறந்த கணத்திலிருந்து அம்மாவும் கிடையாது அப்பாவும் கிடையாது. கடல் குதிரைக்கு இரைப்பை இல்லை என்பதால் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். பிழைத்துப் பெரிதாவது ரொம்பக் கொஞ்சம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. முன்னூறு என்பது நமக்குப் பெரிய எண். மீன் உலகத்தில் அது ஒன்றுமே இல்லை. பெரிய மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையைத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போய்விடும். கடல் குதிரை வேறு வழி எடுத்தது: கொஞ்சமாகப் பெறு, பெறும்வரை பத்திரமாக வை. அந்த வழி பலிக்க வேண்டுமென்றால் அந்த அப்பா உயிரோடு இருக்க வேண்டும். மற்ற மீன்களில் முட்டையிட்டு முடித்த பெற்றோரைப் பிடித்தால் முட்டைகளாவது கடலில் மிச்சம் இருக்கும். இங்கே அப்பாவைப் பிடித்தால் மொத்தப் பிரசவமும் அவரோடு போகும்.

அதோடு முடியவில்லை. பல இனங்கள் ஒரு பருவம் முழுக்க ஒரே ஜோடியாக வாழ்பவை. சிட்னிப் பக்கத்துக் கடலில் அமாண்டா வின்சென்ட் என்ற ஆராய்ச்சியாளர் தண்ணீருக்கடியில் மணிக்கணக்காகக் கிடந்து இதைப் பார்த்து, 1995ல் எழுதினார். ஆண் கர்ப்பமாக இருக்கும் நாட்களில் பெண் தினமும் காலையில் அதைத் தேடி வரும். ரெண்டும் நிறம் வெளுத்து, ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டு சில நிமிஷம் சுற்றும். பிறகு அதது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்தச் சந்திப்பு ரெண்டு பேரின் உடம்பையும் ஒரே தாளத்தில் வைக்கிறது. இவர் பெற்று முடிக்கிற நேரத்துக்கு அவளுக்கு அடுத்த முட்டை தயாராக இருக்கும். ஜோடியில் ஒன்று போனால் மற்றது உடனே வேறு துணை தேடிக்கொள்வதில்லை. சேர்ந்தாலும் தாளம் பிடிக்க நாளாகும். ஆக ஒரு ஆணைப் பிடித்தால் உள்ளே இருக்கும் பிள்ளைகளோடு, கரையில் காத்திருக்கும் பெண்ணின் அடுத்த சில ஈடும் போச்சு. (எல்லா இனமும் இத்தனை ஏகபத்தினி விரதம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெருவயிற்றுக் கடல் குதிரை கொஞ்சம் அப்படி இப்படித்தான்.)

கடல் குதிரையின் ஒன்றுவிட்ட சொந்தம் பைப்ஃபிஷ். நீளக் குச்சி மாதிரி இருக்கும், கடல் குதிரையை நிமிர்த்தி இழுத்த மாதிரி. குழல்மீன் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் ஆண்தான் சுமக்கிறது. சில குழல்மீன்களில் பையே இல்லை, முட்டைகள் அப்பாவின் வயிற்றுத் தோலில் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் ரெண்டு பக்கத் தோல் மடிந்து முட்டைகளை மூடும். கடல் குதிரையில் அது முழுக்க மூடிய பை. ஒரே குடும்பத்தில் கர்ப்பம் எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும் என்பதற்கு உயிரோடு இருக்கிற சாட்சிகள் இவை. ஆனால் குழல்மீன் அப்பா அத்தனை நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனில் செய்த சோதனை 2010ல் வெளிவந்தது. சின்ன உருவப் பெண் கொடுத்த முட்டை என்றால் அதில் பிழைத்து வெளியே வருவது குறைவு, பெரிய பெண்ணுடையது என்றால் அதிகம். கருவைக் கவனிக்கிற பை, கருவைக் கைவிடவும் செய்கிறது. பை வெறும் தொட்டில் இல்லை என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

சரி, சாவிக்கொத்துக்கு வருவோம்.

அந்தச் சாவிக்கொத்தெல்லாம் சில்லறை. பெரிய வியாபாரம் சீன மருத்துவத்துக்குத்தான். காய்ந்த கடல் குதிரையை சூப்பில் போடுகிறார்கள், மதுவில் ஊற வைக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு நல்லது, ஆண்மைக்கு நல்லது என்று நம்பிக்கை. காய்ந்த ஒன்று சராசரியாக மூணு கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோவுக்கு முன்னூறு, நானூறு உயிர். பெரிசா, வெளுப்பா, முள் இல்லாமல் வழுவழுன்னு இருந்தால் விலை கூடுதல். காய்ந்த குழல்மீனும் இதே கடைகளில் விலை போகிறது. நம்ம கடற்கரையிலும் குழந்தைகளின் கக்குவான் இருமலுக்கு இதைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. அது வீட்டளவு விஷயம்.

1990களின் தொடக்கத்தில் பாக் விரிகுடாவில் இது தனித் தொழிலாகவே ஆனது. கடல் அட்டை எடுக்க முங்குகிறவர்கள் கூடவே கடல் குதிரையும் எடுத்து வந்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரே அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கிருந்து சிங்கப்பூர், ஹாங்காங் என்று போனது. காய்ந்த கடல் குதிரை ஏற்றுமதியில் அப்போது முன்னணியில் இருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

2001ல் மத்திய அரசு ஒரே அடியாக அடித்தது. கடல் குதிரை, குழல்மீன் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிக்கக்கூடாது, விற்கக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அந்த அட்டவணைக் குற்றத்துக்கு மூணு வருஷத்துக்குக் குறையாத ஜெயில். உலக அளவில் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 2002ல் கடல் குதிரைகளைச் சேர்த்து, 2004 மே மாதம் அது அமலுக்கு வந்தது. அது முழுத் தடை இல்லை, கட்டுப்பாடு. பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யாதீர்கள் என்று ஒரு பரிந்துரையும் வைத்தார்கள். அந்த அளவுக்கு வளர்ந்தால் ஒரு தடவையாவது பெற்றிருக்கும் என்கிற கணக்கு. குழல்மீன்களை அப்போது அதில் சேர்க்கவில்லை.

சட்டம் வந்தாச்சு, கடல் குதிரை பிழைத்ததா?

இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். இந்தியக் கடற்கரை முழுக்க மீனவர்களிடம் பேசித் திரட்டிய ஒரு ஆய்வு 2021ல் வெளிவந்தது. தடைக்குப் பிறகும் வருஷத்துக்கு ஏறக்குறைய 50 லட்சத்திலிருந்து 1 கோடியே 36 லட்சம் வரை கடல் குதிரைகள் நம் வலைகளில் சிக்குகின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. பெரும்பாலும் விசைப்படகின் இழுவை மடியில். முங்கி எடுத்தவர்களைச் சட்டம் நிறுத்தியது. வியாபாரத்தைத் தலைமறைவாக்கியது. மடியை ஒன்றும் செய்யவில்லை.

மடி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இறால் அடியில் இருக்கிறது, அதனால் வலை அடியைத் தொட்டு உரசிக்கொண்டு போகும், ஒரு இழுப்பு சில மணி நேரம். கடல் குதிரையால் நீந்தித் தப்ப முடியாது, மீன்களிலேயே மெதுவாக நீந்துகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆபத்து வந்தால் அது செய்வது, புல்லை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. அந்தப் புல்லோடு சேர்த்து வலைக்குள் வரும்.

ஒரு படகுக்கு எத்தனை கிடைக்கும்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். "எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு" என்பார்கள், அது பொய்யும் இல்லை. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்துக்கு மூணு நாள் கடலுக்குப் போவதும், மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் போவதும் ஏற்பாடு. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் தடைக்காலம் கழித்தால் வருஷத்துக்கு சுமார் 130 நாள். நாளுக்கு ஒரே ஒரு கடல் குதிரை, ஆயிரம் படகு. 1,30,000 ஆச்சு. அதில் பாதி ஆண், அந்த ஆண்களில் பாதி பையில் பிள்ளையோடு என்று வைத்தால் 32,500 பிரசவம். படகில் நிற்கிறவருக்குத் தெரிவது அந்த ஒண்ணே ஒண்ணுதான். 21 நாடுகளின் தகவலைக் கூட்டி, உலகத்தில் இப்படிச் சிக்குவது வருஷத்துக்குக் குறைந்தது 3 கோடியே 70 லட்சம் என்று 2017ல் ஒரு ஆய்வு சொன்னதும் இதே மாதிரி துளித்துளியாய்ச் சேர்ந்த கணக்கு.

அதனால்தான் ஏர்போர்ட்டில் பெட்டிக்குள் காய்ந்த கடல் குதிரையைப் பிடித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத் தோன்றுவதில்லை. பிடிக்க வேண்டியதுதான், விலை கிடைக்காது என்று தெரிந்தால் யாரும் தேடிப் போய்ப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை யாரும் தேடிப் போகாமலே செத்தவை. பெட்டி போகாவிட்டாலும் அவை செத்திருக்கும். கழிசலோடு சேர்ந்து கோழித் தீவனமாகியிருக்கும்.

அப்போ என்ன செய்வது? பண்ணையில் வளர்க்கலாமே என்பார்கள். பிறந்த குட்டிக்கு ஓயாமல் உயிருள்ள நுண்ணிரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவில் வளர்த்த கடல் குதிரை, மடியில் சும்மா வருகிற கடல் குதிரையோடு விலையில் போட்டி போட முடியுமா? பத்து சென்டிமீட்டர் விதியும் மடிக்குள் செல்லாது. வலை அளவுகோல் வைத்துக்கொண்டா இழுக்கிறது?

என்னைக் கேட்டால், மடி போகாத இடம் வேண்டும். அவ்வளவுதான். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே சொல்லிவிட்டது. கடல் புல் தரைகளில் நிறைய அந்த ஆழம் குறைந்த பகுதியில்தான் இருக்கிறது. அதை மீறுவதால் முதலில் அடிபடுவது நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள், கத்திக்கொண்டிருப்பதும் அவர்கள்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா என்பது கடல் பசு. அது மேய்கிற புல்தான் கடல் குதிரை வாலைச் சுற்றுகிற புல். அந்த எல்லைக்குள் மடி இழுக்காமல் பார்த்துக்கொண்டாலே, கடல் குதிரைக்கு எத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள் என்பதைவிட அதிகப் பலன் இருக்கும்.

விசைப்படகில் போகிறவர்கள் எல்லாம் வில்லன்கள் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். டீசல் கடன், படகு முதலாளி, எல்லைப் பிரச்சினை என்று அவர்கள் பாடு தனி. போன வருஷம் தொண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, விசைப்படகில் முப்பது வருஷம் போன ஒரு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தேன். கடல் குதிரை சிக்கினால் என்ன செய்வீங்க அண்ணே என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உசுரோட இருந்தா கடல்லயே விட்ருவோம் தம்பி. செத்துக் கெடந்தா அதையும் கடல்ல போடுங்குறாங்க. செத்ததைப் போட்டா அது என்ன எந்திரிச்சு நீந்தவா போவுது? கையில வச்சிருந்தா கேஸு. அதான் பார்த்தும் பார்க்காத மாதிரி கழிசலோட தள்ளிட்டுப் போயிருவாங்க."

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பை பற்றி, ஆண் பிள்ளை பெறுவது பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவருக்கு அது புதிசாகவே இல்லை.

"அது தெரியுமே. ஒரு தடவை மடியைக் கொட்டுனப்ப ஒண்ணு துடிச்சுக்கிட்டு கெடந்துச்சு. வயிறு வெடிக்கிற மாதிரி. கையில எடுத்தேன், பொசுக்குன்னு கொசுக்குஞ்சு மாதிரி கொட்டிருச்சு உள்ளங்கையில. அம்புட்டும் குதிரை. அவசரமா வாளித் தண்ணியில அலசி வெளிய ஊத்துனேன். அந்த இடத்துல ஆழம் எட்டுப் பாகம் இருக்கும், கீழ புல்லு கெடையாது. என்ன ஆச்சோ."

பெரியது என்ன ஆனது என்று கேட்டேன். அது அப்பவே கையில் அடங்கிப்போச்சு என்றார்.